கர்ப்பத்தில் ஈறு ரத்தம்: ஹார்மோனா, காரையா?

தாமரை: கர்ப்பிணிகளுக்கு ஈறில் ரத்தம் வருவது ஹார்மோனால் மட்டுமே. பிரசவம் முடிந்தால் தானே நின்றுவிடும். அதுவரை ரத்தம் வரும் இடத்தில் பிரஷ் படாமல் விட்டுவிடுங்கள். பல் மருத்துவரிடம் குழந்தை பிறந்த பிறகு போனால் போதும்.

எழிலரசி: பல் மருத்துவம் பார்ப்பவள் என்ற முறையில் இதைப் படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. "மட்டுமே" என்று யார் சொன்னது? ஹார்மோன் ஈறில் ரத்தக் குழாய்களை விரிவடையச் செய்கிறது, எளிதில் கசியவும் வைக்கிறது. ஆனால் வீக்கத்தைத் தொடங்கி வைப்பது பல்லோரத்தில் படியும் கிருமிப் படலம். பிரஷ் படாமல் விட்டால் அந்தப் படலம் தடிக்கும், ரத்தம் இன்னும் கூடும். உங்கள் யோசனை நோயை வளர்க்கும் யோசனை.

தாமரை: அப்படியானால் ஒன்றுக்குப் பதில் சொல்லுங்கள். கர்ப்பத்துக்கு முன்பும் அதே வாய், அதே படலம். அப்போது வராத ரத்தம் இப்போது ஏன் வருகிறது? ஹார்மோன்தானே!

செங்கதிர்: நியாயமான கேள்வி. எழிலரசி அம்மா எந்த இழையில் வந்தாலும் பிறரைத் திருத்துவதுதான் வேலை. போன மாதம் வாய் கொப்பளிக்கும் மருந்து பற்றி நான் எழுதியதிலும் இதே கதைதான்.

எழிலரசி: அந்தப் பழைய வழக்கை இங்கே இழுக்காதீர்கள், ஐயா. தாமரை, படலம் கூடாமலே வீக்கம் கூடுகிறது என்பது உண்மை. 1963இல் லோ, சில்னஸ் என்ற ஆய்வாளர்கள் கர்ப்பிணிகளிடம் கண்டதும் அதுதான்: இரண்டாம் மாதத்திலிருந்து வீக்கம் ஏறி, எட்டாம் மாதத்தில் உச்சம். அதனால் படலத்துக்குப் பங்கில்லை என்று ஆகிவிடாது. நான் பார்த்த ஒருவரைச் சொல்கிறேன். ஐந்தாம் மாதம். மேல் முன்பற்கள் இரண்டுக்கு நடுவே செக்கச்செவேலென்று பட்டாணி அளவில் ஒரு சதைக் கட்டி, தொட்டாலே ரத்தம். பயந்துபோய் அந்தப் பக்கம் துலக்குவதையே விட்டிருந்தார். கட்டியை விலக்கிப் பார்த்தால் அடியில் அந்தப் படலம் இறுகிப் பல்லோடு ஒட்டிய கெட்டிக் காரை. அதைச் சுரண்டி எடுத்தோம். மென்மையான பிரஷை ஈறோரத்தில் சாய்த்து வைத்துத் துலக்கவும், பல்லிடுக்கைத் தினமும் சுத்தம் செய்யவும் காட்டிக்கொடுத்தோம். சில வாரங்களில் மற்ற இடங்களில் ரத்தம் வெகுவாகக் குறைந்தது. ஹார்மோன் அப்போதும் ஏறிக்கொண்டுதான் இருந்தது! "மட்டுமே" என்றால் எப்படிக் குறையும்?

தாமரை: அந்தக் கட்டி என்ன ஆயிற்று?

எழிலரசி: சிறுத்தது. மிச்சம் பிரசவத்துக்குப் பின் சுருங்கி மறைந்தது.

தாமரை: பார்த்தீர்களா! பிரசவத்துக்குப் பின் மறைந்தது. நான் சொன்னதும் அதுதானே.

எழிலரசி: கட்டியைச் சொன்னேன், மற்ற ஈறுகளைச் சொல்லவில்லை. மேலும் எல்லாக் கட்டியும் அப்படி மறைவதில்லை. சிலருக்கு வெட்டி எடுக்க வேண்டியிருக்கும்.

கமலா: எனக்கு மாதவிடாய் நின்று மூன்று ஆண்டுகள் ஆகின்றன. வாய் வறண்டு, நாக்கு எரிகிறது, ஈறு இறங்கிப் பல் நீளமாகத் தெரிகிறது. நானும் கர்ப்பகாலத்தில் பிரஷ் படாமல் விட்டதால்தான் இப்படியா?

செங்கதிர்: அம்மா, குழந்தை உங்கள் பல்லிலிருந்து கால்சியத்தை உறிஞ்சியிருக்கும். பிள்ளைக்கு ஒரு பல் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

எழிலரசி: அது தவறு. கருவுக்கான கால்சியம் தாயின் உணவிலிருந்தும் எலும்பிலிருந்தும் போகிறது; பல்லிலிருந்து அல்ல. கர்ப்பத்தில் பல் அரிப்பதற்கு வாந்தியின் அமிலம் ஒரு காரணம். வாந்தி எடுத்தவுடன் துலக்கினால் இளகிய பல் தேயும். ஒரு குவளை நீரில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடா கலந்து கொப்பளித்துவிட்டு, அரை மணி நேரமாவது பொறுத்துத் துலக்க வேண்டும். கமலா அம்மா, உங்களுடையது வேறு. மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் குறையும்போது எச்சில் குறையலாம், எரிச்சலும் வரலாம். ஈறு இறங்கியதைப் பல் மருத்துவர் அளந்து பார்க்க வேண்டும்.

செங்கதிர்: பெரியவர்கள் சொன்னது தவறு, நான் சொன்னது தவறு, தாமரை சொன்னதும் தவறு. உங்கள் பல் நாற்காலிக்கு ஆள் பிடிக்கத்தானே இவ்வளவும்?

எழிலரசி: வயிற்றெரிச்சலில் எழுதுகிறீர்கள். கர்ப்பிணி நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை சிரமமில்லாமல் சாய்ந்து படுப்பார். காரை எடுக்க அதுவே வசதியான காலம். வலியோ சீழோ இருந்தால் எந்த மாதமும் காத்திருக்கக் கூடாது. மரத்துப்போகும் ஊசியும் போடலாம். "குழந்தை பிறந்த பிறகு" என்று தாமரை எழுதியதை நம்பி எத்தனை பேர் தள்ளிப்போடுவார்களோ!

தாமரை: எனக்கு மாதவிடாய்க்கு முந்தைய சில நாட்களில் ஈறு கசிகிறது, ரத்தப்போக்கு தொடங்கியதும் நின்றுவிடுகிறது. அந்தச் சில நாட்களில் மட்டும் காரை வந்து போகிறதா?

எழிலரசி: காரை அங்கேயேதான் இருக்கிறது. ரத்தம் எந்தெந்தப் பல்லில் கசிகிறது என்று கண்ணாடியில் பாருங்கள். எப்போதும் அதே இடம்தான் என்றால் காரையும் அங்கேதான் இருக்கும்.

தாமரை: பார்த்தேன். கீழ் முன்பற்கள்தான், ஒவ்வொரு முறையும். ஆனாலும் ஹார்மோன்தான்.