மாப்பிள்ளை கைக்கு எந்த வாட்ச்?

குழு: அரசரடி வீடு

சுந்தரி: 📷 கடையில நிக்கிறேன். வெள்ளிக்கிழமை நிச்சயத்துக்கு மாப்பிள்ளைக்கு இதை எடுக்கவா? 42 மி.மீ.ன்னு அட்டையில போட்டிருக்கு. சீக்கிரம் சொல்லுங்க

குமார் மாமா: கம்பீரமா இருக்கு. எடுத்துரு அக்கா

வள்ளி அத்தை: மதினி, பூவுக்குச் சொல்லியாச்சா? கதம்பமா, மல்லி மட்டுமா?

பானு: அம்மா வேண்டாம். அவருக்குக் கை ரொம்ப ஒல்லி

கார்த்தி: சித்தி, பில் போட்டுடாதீங்க. பானு, அவர் மணிக்கட்டு சுத்தளவு தெரியுமா?

பானு: மோதிர அளவு எடுத்த அன்னிக்கே நூல் வச்சுப் பார்த்தேன். 15 செ.மீ.

குமார் மாமா: அப்போ 36க்கு மேல எடுக்கவே கூடாது. என் ஹெச்எம்டி ஜனதா 35 தான் இருக்கும். இன்னிக்கும் கையில அம்சமா உக்காந்திருக்கு

கார்த்தி: ஜனதா ஒல்லிக் கைக்குப் பொருந்தும் மாமா, சரிதான். ஆனா 36ங்கறது வட்டத்தோட அளவு மட்டும். ஸ்ட்ராப் மாட்டுறதுக்கு மேலயும் கீழயும் காது மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கும் பாருங்க, லக்னு சொல்லுவாங்க. மேல் காது நுனியிலேருந்து கீழ் காது நுனி வரைக்கும் எவ்வளவு நீளம்ங்கறதுதான் முக்கியம். கைக்குக் குறுக்கே படுக்கறது அந்த நீளம். அது கையோட தட்டையான பாகத்தைத் தாண்டிடுச்சுன்னா நுனி அந்தரத்துல நிக்கும், ஸ்ட்ராப் கையை ஒட்டாம நேரா கீழே தொங்கும். பெரியவங்க வாட்சைச் சின்னப் பையன் போட்ட மாதிரி தெரியறது அதனாலதான்

சுந்தரி: கடைக்காரத் தம்பி சங்கிலியில நாலு கண்ணி கழட்டித் தர்றேங்கறாரு

கார்த்தி: கண்ணி கழட்டினா லூஸ் போகும், அவ்வளவுதான் சித்தி. தலைப்பாகம் அதே நீளம்தானே

வள்ளி அத்தை: எங்க வீட்டுக்காரருக்கு எங்கண்ணன் போட்டாரே, தங்கக் கலர் சங்கிலி. முழங்கை வரைக்கும் ஓடும். கண்ணி எடுத்துத் தர்றேன்னு சொல்லி 27 வருஷம் ஆச்சு. பீரோவுல கெடக்கு

சுந்தரி: வள்ளி இப்ப அதை எடுக்காத

குமார் மாமா: 😄

கார்த்தி: பானு, அவரை இப்பவே ஒண்ணு செய்யச் சொல்லு. உள்ளங்கை கீழ இருக்கற மாதிரி கையை மேஜையில வைக்கணும். மணிக்கட்டு எலும்பு துருத்திக்கிட்டு இருக்குமே, அதுக்கு முழங்கைப் பக்கமா, வாட்ச் உக்கார்ற இடத்துல, ரெண்டு பக்கமும் ஒவ்வொரு தீப்பெட்டியை நிமிர்த்தி ஒட்டி வச்சு, நடுவுல எவ்வளவுன்னு ஸ்கேல்ல பார்க்கணும்

பானு: எதுக்குக் கேட்கறேன்னு கேட்பாரே

கார்த்தி: வளையல் அளவுன்னு சொல்லிடு

குமார் மாமா: ஆம்பளைக்கு வளையலா??

பானு: சொல்லிட்டேன். 53 மி.மீ.

குமார் மாமா: 53 இருக்குல்ல. அப்போ 50 வரைக்கும் தாராளமா போடலாம்

கார்த்தி: அங்கதான் ஏமாந்துடுவோம் மாமா. 53ங்கறது ஓரத்துலேருந்து ஓரம். கை மேல்பக்கம் பலகை மாதிரி இருக்காது, ரெண்டு ஓரமும் சரியும். பேப்பர்ல 50க்கு ஒரு துண்டு, 46க்கு ஒரு துண்டு வெட்டி கைக்குக் குறுக்கே வச்சுப் பார்க்கச் சொல்லு பானு. துண்டை அமுக்கக் கூடாது. காத்தாடி மாதிரி நுனி தூக்கிக்கிட்டு நிக்குதான்னு பார்த்தா போதும்

வள்ளி அத்தை: பந்தல்காரர் ஃபோன் எடுக்கல. யாராவது அடிங்க

குமார் மாமா: நான் பேசறேன்

பானு: 50 ரெண்டு பக்கமும் தூக்கிக்கிட்டு நிக்குது. 46 படிஞ்சு உக்காருது. வளையல் கதையை அவர் நம்பல 😅

கார்த்தி: அப்போ அதுதான் கணக்கு. நுனிக்கு நுனி 46, மிஞ்சிப்போனா 47. சித்தி, கடையில ஸ்கேல் வாங்கி ஒவ்வொண்ணா அளந்து சொல்லுங்க. அட்டையில அந்த அளவு பெரும்பாலும் இருக்காது

சுந்தரி: மொதல்ல காட்டினது வட்டம் 42, நுனிக்கு நுனி 51. ரெண்டாவது வட்டம் 40, நுனிக்கு நுனி 49. மூணாவது வட்டம் 41, நுனிக்கு நுனி 46 சொச்சம். நாலாவது சங்கிலி வச்சது, வட்டம் 38, காது 45

கார்த்தி: மொதல் ரெண்டையும் உள்ள வைக்கச் சொல்லிடுங்க. மூணாவதுல காது கீழ்நோக்கி வளைஞ்சிருக்கா, நேரா நீட்டிக்கிட்டு இருக்கா?

சுந்தரி: வளைஞ்சிருக்கு. மேஜையில வச்சா நுனிதான் மேஜையைத் தொடுது

கார்த்தி: நல்லது. கையைக் கவ்விப் பிடிக்கும்

குமார் மாமா: 40 வேண்டாம், 41 எடுங்கறானே. என்னடா கணக்கு இது

கார்த்தி: 40ல காது ஒவ்வொரு பக்கமும் நாலரை மி.மீ. வெளியே நிக்குது மாமா. 41ல மூணு கூட இல்ல. கைக்கு 41தான் குட்டி

குமார் மாமா: அளவு சரி. பார்க்கறவன் கண்ணு ஸ்கேலா வச்சிருக்கு? 41 வெள்ளை டயல், ஓரத்துல விளிம்பே இல்ல. தோசை மாதிரி தெரியுது

கார்த்தி: அது உண்மை மாமா, ஒத்துக்கறேன். விளிம்பு மெலிசா, டயல் வெள்ளையா இருந்தா அதே அளவு பெருசா தெரியும். கறுப்போ நீலமோ இருந்து விளிம்பு கொஞ்சம் தடிமனா இருந்தா அடங்கித் தெரியும். சித்தி, நீலம் இருக்கா?

சுந்தரி: இருக்கு. கடைப்பையன் கையும் ஒல்லிதான், அவன் கையில மாட்டி எடுத்தேன் 📷

வள்ளி அத்தை: ஐயோ சுவர்க்கடிகாரம் மாதிரி இருக்கே

கார்த்தி: அத்தை, ஃபோனைக் கிட்ட கொண்டுபோய் எடுத்தா கேமராவுக்கு முன்னாடி இருக்கற வாட்ச் பெருசாகும், கை சின்னதாகும். சித்தி, அந்தத் தம்பியைக் கண்ணாடி முன்னாடி நிக்கச் சொல்லி, கண்ணாடியில தெரியறதை எடுங்க

சுந்தரி: 📷

பானு: இதுல நல்லா இருக்கே!

வள்ளி அத்தை: ம்ம், பரவாயில்ல

குமார் மாமா: 38 சங்கிலிதான் என் ஓட்டு. நிச்சயத்துக்குச் சங்கிலி போட்டாத்தான் மரியாதை

கார்த்தி: சித்தி, அந்தச் சங்கிலியோட மொதல் கண்ணி, காதை ஒட்டி இருக்கறது, மடங்குதா?

சுந்தரி: இல்ல. விறைப்பா நிக்குது. அதுக்கடுத்த கண்ணிதான் மடங்குது

கார்த்தி: அப்போ 45 இல்ல. அந்த விறைப்பான கண்ணியையும் சேர்த்து அளங்க

சுந்தரி: 51

குமார் மாமா: அடேங்கப்பா

கார்த்தி: அதையே தோல் ஸ்ட்ராப்ல கேளுங்க. 45ன்னா 45தான். ஆனா ஸ்ட்ராப் நீளமா இருந்தா 15 செ.மீ. கைக்குக் கடைசி ஓட்டையில மாட்டி, மீதி வால் சுத்திக்கிட்டு வரும். குட்டை ஸ்ட்ராப் இருக்கான்னும் கேளுங்க

சுந்தரி: தோல்ல நாளைக்குத்தான் வருமாம்

வள்ளி அத்தை: தோல் வாட்சைத் தட்டுல வச்சா சம்பந்தி வீட்டுல என்ன நினைப்பாங்க மதினி?

குமார் மாமா: அதைத்தான் நானும் சொல்றேன்

பானு: போடப்போறது அவர். தட்டு இல்ல

அப்பா: வள்ளி, அந்தத் தங்கக் கலர் வாட்சை ஞாயித்துக்கிழமை கொண்டா. நான் சரி பண்ணித் தர்றேன்

வள்ளி அத்தை: பேட்டரி போயிருக்கும் அண்ணே

அப்பா: கொண்டா

கார்த்தி: அத்தை, அந்தக் காலத்து வாட்ச் நிறைய 34, 35 தான் இருக்கும். காதும் குட்டையா இருந்தா மாமா கைக்குப் பொருந்தும். கண்ணி கழட்டும்போது கொக்கிக்கு ரெண்டு பக்கமும் சமமா எடுக்கச் சொல்லுங்க. ஒரே பக்கம் எடுத்தா கொக்கி ஓரத்துக்குப் போய் கையை அறுக்கும்

சுந்தரி: கடை சாத்தறாங்க. நீலம் 41க்கு முன்பணம் கொடுத்துட்டேன். 38 தோல் நாளைக்கு வந்ததும் ரெண்டையும் பார்க்கலாம். பானு, மாப்பிள்ளையைக் கூட்டிட்டு வர்றியா, இல்ல அந்தப் பேப்பர் துண்டை மட்டும் கொண்டு வர்றியா?

பானு: அவர் இப்பவே 46 மி.மீ. துண்டை ஃபோன் கவருக்குள்ள வச்சுக்கிட்டாராம் 🙈

குமார் மாமா: பந்தல்காரர் எடுத்துட்டார். சாமியானா எத்தனை அடின்னு கேட்கறார்

வள்ளி அத்தை: பூ?