ஒரே கேட்வேக்கு இரண்டு மேக் முகவரிகள்: ஒட்டுக்கேட்பா, கூடுதல் ரவுட்டரா?

எழுவான்கரை
மட்டக்களப்பு நகரில் எங்கள் கந்தோர், நாற்பது கணினிகள் வரை. சில நாட்களாக ஒருவருக்கு இணையம் நிற்கும், பக்கத்து மேசையில் ஓடும். நின்ற கணினியில் `arp -a` கொடுத்தால் 192.168.1.1 க்கு நேரே 07-e2 என்று முடியும் மேக் முகவரி வருகிறது. எங்கள் ரவுட்டருடையது 3c-91. கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகிவிடுகிறது. உள்ளே இருந்து யாராவது ஏஆர்பி மோசடி செய்கிறார்களா?

பாலமீன்மடு
வேறென்ன? கேட்வேயின் பெயரைச் சொல்லிக்கொண்டு நடுவில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். எல்லாக் கணினிகளிலும் `arp -s` மூலம் சரியான மேக் முகவரியைப் பூட்டுங்கள். கடவுச்சொற்களையும் இன்றே மாற்றுங்கள்.

கல்முனை நானா
ஒட்டுக்கேட்க வந்தவன் இணையத்தை ஏன் நிறுத்துகிறான்? அது ஓடினால்தானே அவனுக்கு வேலை. யாரோ வீட்டு ரவுட்டர் ஒன்றை வைஃபைக்காகக் கொண்டுவந்து, அதன் லேன் துளையில் உங்கள் கேபிளைச் சொருகியிருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. பல ரவுட்டர்கள் பெட்டியிலிருந்து வரும்போதே 192.168.1.1 என்ற முகவரியோடும், டிஎச்சிபி இயங்கும் நிலையிலும்தான் வருகின்றன. முகவரி கேட்கும் கணினி பெரும்பாலும் முந்தி வந்த பதிலை எடுத்துக்கொள்ளும். அதனால்தான் ஒரு மேசையில் நிற்கிறது, மறு மேசையில் ஓடுகிறது.

தம்பி, `ipconfig /all` இல் டிஎச்சிபி சேவையக முகவரியைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். இரண்டுக்கும் ஒரே முகவரி என்றால் அந்த வரி எப்போதும் சரியாகத்தான் தெரியும். குத்தகைக் காலத்தையும் டிஎன்எஸ் முகவரியையும் நல்ல கணினியோடு ஒப்பிடுங்கள்.

அக்கரைப்பற்று
எங்களுக்கும் இதே தொல்லை. மின்வெட்டுக்குப் பிறகு எல்லாக் கணினிகளும் 169.254 என்று தொடங்கும் முகவரிக்குப் போய்விடும். சுவிட்சை மாற்றினோம், சரியானது.

கல்முனை நானா
அது வேறு. 169.254 என்றால் டிஎச்சிபி கேட்டதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. இங்கே இரண்டு பேர் சொல்கிறார்கள்.

பாலமீன்மடு
தாக்குபவன் பொதிகளை முன்னனுப்பும் அமைப்பை இயக்க மறந்தாலும் இணையம் நிற்கும். அவனே போலி டிஎச்சிபியும் நடத்தலாம். வீட்டு ரவுட்டர் என்பது ஊகம்.

கல்முனை நானா
ஊகம்தான், மறுக்கவில்லை. ஆகவே சோதித்துப் பார்க்கலாம். வேலை முடிந்தபின் கந்தோர் ரவுட்டரின் கேபிளைக் கழற்றிவிட்டு, ஒரு கணினியில் இதைக் கொடுங்கள்:

```
ipconfig /release
ipconfig /renew
```

முகவரி கிடைத்தால் இன்னொரு டிஎச்சிபி இருக்கிறது. அடுத்து உலாவியில் 192.168.1.1 ஐத் திறவுங்கள். ஏஆர்பி பொய் மட்டும் சொல்பவனிடம் ரவுட்டரின் உள்நுழைவுப் பக்கம் இருக்காது. கேபிளை மீண்டும் பொருத்தியபின், லினக்ஸ் கணினி இருந்தால்:

```
sudo arping -b -c 5 -I eth0 192.168.1.1
```

`-b` ஐ விட்டுவிடாதீர்கள். இல்லாவிட்டால் முதல் பதில் தந்தவரிடமே அது தொடர்ந்து கேட்கும், மற்றவர் ஒளிந்துகொள்வார்.

எழுவான்கரை
நேற்று மாலை செய்தேன் நானா. கேபிள் கழற்றிய நிலையிலும் முகவரி கிடைத்தது, குத்தகை இரண்டு மணிநேரம். எங்களுடையது எட்டு. உள்நுழைவுப் பக்கமும் திறந்தது, நாங்கள் வாங்காத மாதிரி ரவுட்டர். `arping` ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு பதில் தந்தது. சுவிட்சில் `show mac address-table` பார்த்தால் 07e2 இருப்பது Gi0/14 இல். அந்தக் கேபிள் மேல்மாடிக் கணக்குப் பிரிவின் மேசைக்கடியில் இருக்கும் சிறிய சுவிட்சுக்குப் போகிறது. கோப்பு அலுமாரிக்குப் பின்னால் ரவுட்டர் இருந்தது. யார் வைத்தார் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பாலமீன்மடு
சரி, ரவுட்டர்தான். ஆனால் வைத்தவர் தெரியாதவரை எண்ணம் நல்லது என்று நான் எழுதிக்கொடுக்க மாட்டேன். அதில் டிஎன்எஸ் எங்கே காட்டுகிறது என்று பார்த்துவிட்டு அழியுங்கள். டிஎச்சிபி ஸ்னூப்பிங்கையும் ஏஆர்பி சரிபார்ப்பையும் சுவிட்சில் இன்றே இயக்குங்கள்.

கல்முனை நானா
ஸ்னூப்பிங் சரி: கந்தோர் ரவுட்டர் வரும் துளையை மட்டும் நம்பச் சொன்னால், மற்றத் துளைகளிலிருந்து வரும் டிஎச்சிபி பதில்களைச் சுவிட்ச் வீசிவிடும். ஆனால் மேசைக்கடியில் இருக்கும் சிறிய சுவிட்சுக்குள்ளேயே இரண்டு பேர் பேசிக்கொண்டால் பெரிய சுவிட்சுக்கு அது தெரியாது. டிஎச்சிபி யாருக்கு எந்த முகவரி கொடுத்தது என்று ஸ்னூப்பிங் ஒரு பட்டியல் வைத்திருக்கும். ஏஆர்பி சரிபார்ப்பு அந்தப் பட்டியலைத்தான் பார்க்கிறது. நிலையான முகவரி கொடுத்த அச்சுப்பொறிகள் பட்டியலில் இல்லை. விதிவிலக்கு எழுதாமல் இயக்கினால் மறுநாள் காலையில் ஒரு தாளும் வராது.

முதலில் கந்தோர் முகவரி வரம்பை 192.168.1 இலிருந்து மாற்றுங்கள். அடுத்த ரவுட்டர் வந்தால் கேட்வேயோடு மோதாது, `ipconfig /all` இலேயே அதன் முகவரி தெரிந்துவிடும்.

பாலமீன்மடு
வரம்பை மாற்றுவது வீட்டு ரவுட்டருக்குத்தான் மருந்து. வேண்டுமென்றே வருபவன் புது வரம்பைப் பார்த்து அதற்கேற்ப அமைத்துக்கொள்வான். அச்சுப்பொறிகளுக்கு விதிவிலக்கு எழுத ஒரு பிற்பகல் போதும்.

எழுவான்கரை
அச்சுப்பொறிகளின் முகவரிப் பட்டியலே எங்களிடம் இல்லை. இன்று ஸ்னூப்பிங் மட்டும் இயக்கியிருக்கிறேன்.