கமக்காரர் அமைப்புப் போம்: லேபல் வாசிக்கேலாது, எழுத இடமும் காணாது. என்ன பொன்ட் போடலாம்?

குளத்தடி:
கிளிநொச்சிப் பக்கம் எங்கட அமைப்புக்கு காலபோகப் பதிவுப் போம் ஒண்டு வேர்டில அடிச்சுக் கிடக்கு. பாமினி 9 சைஸ், பெட்டிக்குள்ளயே மேல் மூலையில "முழுப்பெயர்" எண்டு சின்னனாப் போட்டு மிச்ச இடத்தில எழுதோணும். போட்டோக்கொப்பி எடுத்துக் குடுத்தா வயசானாக்கள் இதென்னண்டு கேக்கினம், மற்றாக்கள் லேபலுக்கு மேலயே எழுதி விடுகினம், பதியேக்க ஒண்டும் விளங்காது. பெயருக்கு எழுத்துக்கொரு பெட்டி அடிச்சும் குடுத்தம், "யோகேஸ்வரி" எண்டதில யோவை ஒராள் ஒரு பெட்டிக்குள்ள, இன்னொராள் கொம்பு, ய, அரவு எண்டு மூண்டு பெட்டியில. 14 கேள்வி, ஒரு பக்கத்துக்குள்ள அடங்கோணும்.

வன்னி_நெட்:
பாமினிதான் பிரச்சினை. யூனிகோட்டுக்கு மாத்துங்கோ, எல்லாம் சரிவரும்.

அச்சுக்கூடம்:
தம்பி, அது அரைவாசிதான் சரி. ஃபைலை வேற ஆளுக்கு அனுப்பத்தான் யூனிகோட் உதவும், தாளில விழுந்தாப்பிறகு பாமினியோ யூனிகோட்டோ எழுத்தின்ர வடிவமும் தடிப்பும்தான் கணக்கு. மாத்திறதெண்டா கன்வேட்டரில போட்டு மாத்துங்கோ, பாமினியில அடிச்சதுக்குச் சும்மா பொன்ட் பேரை மாத்தினா இங்கிலீஷ் எழுத்துத்தான் வரும்.

குளத்தடி, Noto Sans Tamil இல Regular எடுங்கோ. மெல்லிசு பொன்ட் கொப்பியில அழியும், Bold சின்ன சைஸில ண, ஞ உள்ளுக்க அடைச்சுப் போகும். சைஸ் நம்பரை நம்பாதேங்கோ, ஒரே 11 எண்டாலும் ஒவ்வொரு பொன்ட்டும் ஒவ்வொரு பருமன். பிரிண்ட் எடுத்து அடிமட்டம் வைச்சு ப வின்ர உயரத்தைப் பாருங்கோ, 2 மில்லிமீற்றருக்குக் குறைஞ்சா கூட்டுங்கோ. பிறகு கொப்பியை இன்னொருக்கா கொப்பி எடுத்து ண வின்ர சுழிக்குள்ள வெள்ளை தெரியுதோ எண்டு பாருங்கோ, சனத்தின்ர கையில போறது அந்தத் தரம்தானே.

லேபலைப் பெட்டியை விட்டு வெளியில எடுத்து பெட்டிக்கு மேல இடப்பக்கம் ஒட்டினாப்போல வையுங்கோ. மேல இருக்கிற பெட்டிக்கும் லேபலுக்கும் இடையில கூட இடம் இருக்கோணும், இல்லாட்டி எது எதுக்கெண்டு தெரியாமல் ஒரு வரி தள்ளி எழுதுவினம்.

எழுத்துக்கொரு பெட்டி இலக்கத்துக்கு மட்டும்தான். தமிழ்ப் பெயருக்கு நீட்டு வெறும் பெட்டி, உயரம் 10 மில்லிமீற்றர். இங்கிலீஷுக்கு 8 காணும், எங்களுக்கு மேல விசிறி, கீழ கூ, மூ வின்ர வால் எல்லாம் இருக்கெல்லோ.

மாங்குளத்தாள்:
நான் முன்பள்ளிக்கு கூகிள் ஃபோம் செய்யிறன், அதில பொன்ட் மாத்த ஏலுமோ? Noto தேடினன், காணேல்ல.

அச்சுக்கூடம்:
தங்கச்சி, இது பேனையால நிரப்பிற தாள் போம். உங்கட கேள்வியைத் தனிய போடுங்கோ.

குளத்தடி:
நன்றி அண்ணை. 10 மில்லிமீற்றர்ப் பெட்டியெண்டா 14 கேள்வி ஒரு பக்கத்தில வருமோ? வேர்டில பெட்டி தானா இழுபடுது, லேபல்ல வி, தீ எல்லாத்துக்கும் மேல்பக்கம் வெட்டுப்படுது.

அச்சுக்கூடம்:
ரெண்டும் வேற வேற இடம். பெட்டி இழுபடாமல் இருக்க ரேபிள் வரிசையின்ர உயரத்தை Exactly 1 cm எண்டு குடுங்கோ. லேபல் வெட்டுப்படுறது Line spacing இலயும் Exactly கிடக்கிறதால, அதை Single ஆக்குங்கோ.

கணக்கைப் பாப்பம். ஏ4 நீளம் 297, மேல கீழ 15, 15 விட்டா 267. லேபல் 5, பெட்டி 10, இடைவெளி 2, அப்ப ஒரு வரிசைக்கு 17. அகலம் 180 வரும். அடையாள அட்டைக்கு 12 பெட்டி, ஒவ்வொண்டும் 6 எண்டா 72. தொலைபேசிக்கு 10 பெட்டி, 60. ரெண்டும் ஒரே வரிசையில வடிவா நிக்கும். ஏக்கர், குடும்ப எண்ணிக்கை மாதிரிச் சின்ன விடையளையும் சோடி சேத்தா 14 கேள்வி 11 வரிசைக்குள்ள, 187. மிச்சம் 80 தலைப்புக்கும் கையொப்பத்துக்கும் தாராளம். பழைய அட்டைக்காரருக்கு 9 இலக்கமும் V இல்லாட்டி X உம்தான், "இடப்பக்கமிருந்து எழுதவும்" எண்டு போடுங்கோ.

வன்னி_நெட்:
கோட்டைச் சாம்பல் நிறமாக்கினா எழுதினது எடுப்பாத் தெரியுமே?

அச்சுக்கூடம்:
ஓஃப்செட்டில அடிச்சா வடிவு. கொப்பி மெசினில சாம்பல் புள்ளி புள்ளியா உடையும், அதால மெல்லிய கறுப்புக் கோடு, அரைப் பொயின்ட். லேபலைச் சாம்பலாக்கவே வேண்டாம்.

குளத்தடி:
மாத்தி அடிச்சுப் பாத்தன், அடையாள அட்டை வரிசை திறம். முகவரிக்கு ஒரு பெட்டி காணாது போல கிடக்கு, ரெண்டு வரி விட்டா தலைப்பு இறுகுது. கைநாட்டு வைக்கிற ஆக்களுக்கு எவ்வளவு இடம் விடுறியள்?

மாங்குளத்தாள்:
எங்கட சங்கப் போமில கையொப்பப் பெட்டிக்குள்ளயே வைக்கிறவை, மை அடுத்த கேள்வியில பிரளும். தனிப் பெட்டி விடுங்கோ, அளவு அண்ணைதான் சொல்லோணும்.