கிராஸ்ஃபீட் திறந்தால் எண்ணெய் மறுபக்கம் போகுமா?

பிசிக்ஸ்_சேர்: நீண்ட பயணத்தில் விமானத்தின் ஒரு இறக்கையில் உள்ள எண்ணெய்த் தாங்கி கனத்துவிட்டால் பைலட் கிராஸ்ஃபீட் வால்வைத் திறப்பார். எண்ணெய் மறுபக்கத் தாங்கிக்குப் பாய்ந்து இரண்டும் சமமாகிவிடும். அவ்வளவுதான்.

ஹாங்கர்காரன்: சேர், வகுப்பில் பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருப்பார்கள், இங்கே நடவாது. போயிங் 737இல் கிராஸ்ஃபீட் தாங்கிக்குத் தாங்கி எண்ணெய் அனுப்பாது. இரண்டு என்ஜின்களுக்கும் போகும் குழாய்களைத்தான் இணைக்கும். இடப்பக்கம் கனத்தால் வால்வைத் திறந்து, வலப்பக்கப் பம்புகளை நிறுத்துவார்கள். இரண்டு என்ஜினும் இடப்பக்கத்திலேயே குடிக்கும். வலது அப்படியே நிற்க, இடது இறங்கி வந்து சமமாகும். பிறகு பம்பைப் போடவும் வால்வை மூடவும் மறந்தால், வலது கனக்கத் தொடங்கும்.

முறிகண்டி_மெக்கானிக்: இரண்டு குளத்துக்கு நடுவில் மதகைத் திறந்தால் தண்ணீர் மட்டமாகாதா அண்ணை?

ஹாங்கர்காரன்: தம்பி, பம்புக்குப் பக்கத்தில் ஒருவழி வால்வு இருக்கிறது. வெளியே விடும், உள்ளே எடுக்காது. தாங்கிக்குத் தாங்கி போகாது.

வவுனியா_லண்டன்: நான் ஜன்னலோரம் இருந்து வந்தபோது இறக்கை நுனி மேலே வளைந்து நின்றது. எண்ணெய் தீர்ந்துவிட்டதா என்று பயந்துபோனேன்.

ஹாங்கர்காரன்: அது தூக்குவிசை அக்கா, பயப்பட ஒன்றுமில்லை. இறக்கைக்குள் இருக்கும் எண்ணெயின் பாரம் அந்த வளைவைக் கொஞ்சம் அடக்கும். அதனால்தான் உடலுக்குள் இருக்கும் நடுத்தாங்கியை முதலில் காலிசெய்கிறார்கள். 737இல் நடுத்தாங்கிப் பம்புகளுக்கு அழுத்தம் அதிகம். எல்லாப் பம்பும் ஓடினாலும் நடுவில் உள்ளதுதான் முதலில் தீரும்.

பிசிக்ஸ்_சேர்: ஏர்பஸ் ஏ330இல் வெளித்தாங்கியிலிருந்து உள்தாங்கிக்குப் போகிறது. வால் தாங்கியிலிருந்தும் முன்னுக்கு வருகிறது. அப்போ "தாங்கிக்குத் தாங்கி போகாது" என்றது பொய்தானே?

ஹாங்கர்காரன்: அதற்கு வேறு வால்வு! பாரமையத்தைப் பின்னுக்கு வைத்து இழுவையைக் குறைக்கத்தான் வாலில் எண்ணெய். நான் சொன்னது கிராஸ்ஃபீட். 2001 ஆகஸ்டில் ஏர் ட்ரான்சாட் ஏ330 ஒன்று அத்திலாந்திக்கின் மேல் போகும்போது வலப்பக்கம் எண்ணெய் குறைந்தது. சமநிலைதான் பிசகிவிட்டது என்று நினைத்து கிராஸ்ஃபீட்டைத் திறந்தார்கள். வலது என்ஜினில் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. இடப்பக்கத்து நல்ல எண்ணெயும் அந்த ஓட்டையால் போய், இரண்டு என்ஜினும் நின்றன. மிதந்தே அசோர்ஸ் தீவில் இறக்கினார்கள். 306 பேரும் தப்பினார்கள். எரிந்ததையும் மீதியையும் கூட்டிப் பார்த்து, புறப்பட்ட அளவுக்குக் குறைந்தால் அது ஒழுக்கு. அப்போது வால்வைத் தொடக்கூடாது.

பிசிக்ஸ்_சேர்: பார்த்தீர்களா! எண்ணெய் மறுபக்கம் போயிருக்கிறது.

ஹாங்கர்காரன்: என்ஜினுக்குப் போய் வெளியே கொட்டியது. தாங்கிக்குப் போகவில்லை!

பிசிக்ஸ்_சேர்: மறுபக்கம் மறுபக்கம்தான்.

முறிகண்டி_மெக்கானிக்: அண்ணை, பம்ப் பற்றி இவ்வளவு தெரிந்த நீங்கள், போன போகத்துக்கு என்னிடம் வாங்கிய வாட்டர் பம்பை எப்போது தருவீர்கள்?

ஹாங்கர்காரன்: அதில் ஒருவழி வால்வே வேலை செய்யவில்லை. திருத்தின காசை நீ எப்போது தருவாய்?

பிசிக்ஸ்_சேர்: தலைப்புக்கு வாருங்கள். மறுபக்கம் போனதா இல்லையா?