நேராக இறங்கிய சிவப்பு நூல்: காலாண்டுத் திட்டமிடலில் உங்கள் அனுபவம் என்ன?

கலங்கரை:

அக்டோபர்–டிசம்பர் காலாண்டில் எங்களுக்கு நடந்ததை எழுதுகிறேன். பெருங்குடி அலுவலகத்தில் ஏழு டீம், எழுபது பேருக்கு மேல். இரண்டு நாள் எல்லோரும் ஒரே ஹாலில் உட்கார்ந்து திட்டமிட்டோம். நீளச் சுவர் முழுக்க ஒரே போர்டு. இடமிருந்து வலமாக இரண்டு வார ஸ்பிரிண்ட் ஆறு, மேலிருந்து கீழாக ஏழு டீம். ஃபீச்சருக்கு நீலச் சீட்டு, இன்னொரு டீமிடமிருந்து வர வேண்டியதற்குச் சிவப்புச் சீட்டு, இரண்டையும் இணைக்கச் சிவப்பு நூல்.

நான் பேமென்ட் டீமின் ப்ராடக்ட் ஓனர். எங்கள் ரீஃபண்ட் ஃபீச்சருக்கு, கணக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும் ஒரு புது ஃபீல்டை அக்கவுண்ட் டீம் தங்கள் ஏபிஐ-யில் சேர்த்துத் தர வேண்டும். மூன்றாவது ஸ்பிரிண்ட்டில் தருவதாகச் சொன்னார்கள். எங்கள் ஃபீச்சரும் மூன்றாவது ஸ்பிரிண்ட்தான். நூலைக் கட்டினோம், அது செங்குத்தாக நேரே இறங்கியது. பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது.

இரண்டாம் நாள் மாலை, திட்டத்தின் மேல் எவ்வளவு நம்பிக்கை என்று விரல் காட்டச் சொன்னபோது பெரும்பாலும் நான்கு விரல். எங்கள் டெஸ்டர் மட்டும் இரண்டு காட்டினார். "அவங்க கடைசி நாள் கொடுத்தா நான் எப்போ டெஸ்ட் பண்றது?" என்று கேட்டார். "முதல் வாரத்துலயே முடிச்சிடுவோம்" என்றார் அக்கவுண்ட் டீம் லீட். அந்த வார்த்தை காற்றோடு போனது. போர்டில் யாரும் எழுதவில்லை.

கையில் வந்தது இரண்டாவது வாரம் வியாழக்கிழமை மாலை. அதுவரை நாங்களே எழுதிய ஸ்டப்பை வைத்து ஓட்டினோம். அது எப்போதும் ஒரு நிலையைத் திருப்பித் தரும். உண்மையான ஏபிஐ-யோ பழைய கணக்குகளுக்கு அந்த ஃபீல்டை வெறுமையாகத் திருப்பியது. எங்கள் கோட் அங்கேயே விழுந்தது. சரிசெய்ய ஒன்றரை நாள் போதும். ஆனால் ஸ்பிரிண்ட் மறுநாளே முடிந்துவிட்டது. நான்காவது ஸ்பிரிண்ட்டில் இடமில்லாத இடத்தில் இதைத் திணித்தோம். எல்லா டீமும் சேர்ந்து செய்யும் ரெக்ரெஷனில் எங்களுக்கு ஒதுக்கிய நாள் தவறியது. அடுத்த வாய்ப்பு வருவதற்குள் கிளையண்ட்டின் ஆண்டிறுதி ஃப்ரீஸ் வந்துவிட்டது. ஒன்றரை நாள் வேலை, ஜனவரியில்தான் வெளியே போனது.

அந்த டெஸ்டர் சொன்னதை நின்று கேட்டிருக்க வேண்டும் என்று இன்றும் வருத்தமாக இருக்கிறது. உங்கள் இடங்களில் இதை எப்படிப் பிடிக்கிறீர்கள்?

தரமணிக்காரன்:

நூலும் சீட்டும் வைத்துக்கொண்டால் இப்படித்தான் ஆகும். நாங்கள் எல்லாவற்றையும் ஜிராவுக்கு மாற்றிவிட்டோம். `is blocked by` என்று லிங்க் போட்டால் போதும், தேதி முட்டினால் சிவப்பாகக் காட்டும். அதற்குப் பிறகு எங்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை.

இருபது வருட ஓ.எம்.ஆர்:

தம்பி, தேதி முட்டுவதைக் காட்டும் என்பது சரி. ஆனால் அந்த லிங்கைப் போடுவது யார்? கேட்கிற டீம். கொடுக்கிற டீம் அதைப் பார்த்ததா, தன் வேலையில் சேர்த்ததா என்று லிங்குக்குத் தெரியாது. ஒரு காலாண்டில் டூலில் எல்லாம் பச்சையாக இருந்தது. நடுவில் போய்க் கேட்டபோது கொடுக்க வேண்டிய டீம், "இது எங்க லிஸ்ட்லயே இல்லையே" என்றது.

கலங்கரை மேடம், உங்கள் கதையில் நூலே பதில் சொல்லிவிட்டது. 'மூன்றாவது ஸ்பிரிண்ட்டில் தருகிறோம்' என்று கொடுப்பவர் சொன்னால், அந்தக் கட்டத்தின் வலது ஓரத்தை நினைக்கிறார். 'மூன்றாவது ஸ்பிரிண்ட்டில் வேண்டும்' என்று வாங்குபவர் சொன்னால் இடது ஓரத்தை நினைக்கிறார். நடுவில் முழுதாக இரண்டு வாரம். ஆனால் சுவரில் இரண்டும் ஒரே கட்டம்.

அதனால் நான் இரண்டாம் நாள் காலை, யாரும் வருமுன் போர்டு முன்னால் நின்று நூல்களை மட்டும் பார்ப்பேன். கொடுக்கிற சீட்டிலிருந்து வாங்குகிற சீட்டுக்கு நூல் வலப்பக்கம் சாய்ந்தால் விட்டுவிடுவேன். நேராக இறங்கினால் இரண்டு டீமையும் ஒன்றாக நிற்க வைப்பேன். இடப்பக்கம் சாய்ந்தால் அந்தத் திட்டமே நடக்காது, அங்கேயே கலைத்துப் போட வேண்டும்.

நிற்க வைத்ததும் கொடுக்கிற டீமிடம் ஒரே கேள்விதான்: "உங்க ஸ்பிரிண்ட் பிளான்ல இதுக்கான ஸ்டோரி எது, காட்டுங்க." காட்ட முடியவில்லை என்றால் அது கமிட்மென்ட் இல்லை, வெறும் தலையாட்டல்.

உங்கள் விஷயத்தில் நான் இரண்டாகப் பிரித்திருப்பேன். முதல் ஸ்பிரிண்ட் முடிவில் ஃபீல்டின் வடிவமும் நான்கைந்து மாதிரிப் பதில்களும் கைக்கு வர வேண்டும். அதில் ஒரு பழைய கணக்கும், மூடிய கணக்கும் கட்டாயம் இருக்க வேண்டும். ஓடுகிற ஏபிஐ இரண்டாவது முடிவில். அந்த வெறுமை உங்களுக்கு முதல் மாதத்திலேயே தெரிந்திருக்கும். அக்கவுண்ட் டீமால் இரண்டாவதில் முடியாது என்றால், ரீஃபண்ட் சீட்டு நான்காவதுக்கு நகர வேண்டும். அதை அந்த ஹாலில் வைத்தே கிளையண்ட்டிடம் சொல்லிவிடலாம்.

மேடவாக்கம் மாலா:

எங்களுக்கும் இதே தொல்லைதான், ஆனால் ஜனவரி காலாண்டில். பொங்கல் வாரத்தில் எட்டுப் பேர் டீமில் ஆறு பேர் ஊருக்குப் போய்விடுவார்கள். பத்து நாள் ஸ்பிரிண்ட்டை முழுசாகக் கணக்கில் வைத்து வேலையை ஏற்றிவிட்டு, பிறகு கஷ்டப்படுவோம். இப்போது திட்டமிடலுக்கு முந்தைய வாரமே லீவு பட்டியல் வாங்கிவிடுகிறேன். நீங்களும் லீவைக் கழித்துத்தான் போட்டீர்களா?

கலங்கரை:

லீவைக் கழித்தோம் மாலா, எங்கள் டீமுக்கு மட்டும். நீங்கள் கேட்டதும்தான் தோன்றுகிறது: அக்கவுண்ட் டீமில் யார் எப்போது லீவு என்று நாங்கள் பார்க்கவே இல்லை. அந்த ஃபீல்டை எழுத வேண்டியவர் முதல் வாரத்தில் நான்கு நாள் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

கிண்டி பேக்எண்ட்:

அண்ணன் சொல்வதில் பாதிக்கு எனக்கு உடன்பாடில்லை. ஒவ்வொரு நூலும் ஒரு கட்டம் வலப்பக்கம் போக வேண்டும் என்றால், பிளாட்ஃபார்ம் கொடுத்து, அக்கவுண்ட் கொடுத்து, பேமென்ட் எடுப்பதற்கு மூன்று ஸ்பிரிண்ட். ஆறு வாரம் போய்விடும். எங்கள் டீம்கள் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை டெஸ்ட் என்விரான்மென்ட்டில் போடுகின்றன. சிவப்புச் சீட்டில் ஸ்பிரிண்ட் எண்ணை எழுதுவதில்லை, 'இரண்டாவது வாரம் செவ்வாய்' என்று நாளை எழுதுகிறோம். ஒரே கட்டத்தில் கொடுக்கல் வாங்கல் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

இருபது வருட ஓ.எம்.ஆர்:

வாரம் மூன்று முறை போடுகிற டீம் என்றால் எந்த நாள் என்று எழுதலாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பத்து வாரம் கழித்து வரும் செவ்வாயை இன்றைக்கு யார் உறுதியாகச் சொல்வார்? முதல் இரண்டு ஸ்பிரிண்ட்டுக்கு நாள், அதற்கு மேல் ஸ்பிரிண்ட் என்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. மூன்று டீம் சங்கிலி என்றால் நூலை நகர்த்துவதை விட, அந்த ஃபீச்சருக்கு மட்டும் மூன்று பேரையும் ஒரே மேசையில் உட்கார வைக்க முடியுமா என்று முதலில் பார்ப்பேன்.

கிண்டி பேக்எண்ட்:

பிளாட்ஃபார்ம் ஆளை எங்கள் மேசைக்கு விடவே மாட்டார்கள் அண்ணா. எல்லா டீமும் அவரைத்தான் கேட்கிறது.

கலங்கரை:

நேற்று அடுத்த காலாண்டின் போர்டு முன்னால் போய் நின்றேன். மொத்தம் 19 நூல், அதில் ஐந்து நேராக இறங்கின. ஒவ்வொன்றாக இரண்டு டீமையும் கூப்பிட்டு, ஸ்டோரியைக் காட்டச் சொன்னேன். மூன்றுக்குக் காட்டினார்கள், அவற்றில் எந்த நாள் என்று எழுதிக்கொண்டோம். நான்காவதில் ஸ்டோரியே இல்லை. அங்கேயே எழுதி இரண்டாவது ஸ்பிரிண்ட்டில் போட்டார்கள், அதற்காக அவர்களுடைய வேறொரு வேலையை வெளியே எடுத்தார்கள். ஐந்தாவது பிளாட்ஃபார்ம் டீமிடம் போகிறது. இன்னும் பதில் வரவில்லை. அந்தச் சீட்டை ஓரமாகத் திருப்பி ஒட்டியிருக்கிறேன், திங்கட்கிழமை மறுபடி கேட்க வேண்டும்.