பொங்கல் விருந்துப் பட்டியலுக்கு உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டக் குடும்பங்கள் கூடும் பொங்கல் விருந்துக்கு 140 பெரியவர்களும் 40 சிறுவர்களும் வருவதாகப் பெயர் கொடுத்திருக்கிறார்கள்; சிறுவர்களை அரைப் பங்காகக் கொண்டால் மொத்தம் 160 பங்கு ஆகிறது. சென்ற ஆண்டு பலரும் மீ கோரேங்கையே கொண்டு வந்ததால் அது மிஞ்சியது, சோறோ பாதியிலேயே தீர்ந்து, கடைசியாக வந்த முதியவர்கள் வெறும் பலகாரத்தோடு திரும்பினார்கள். அது இன்றும் என் மனத்தை உறுத்துகிறது.

பட்டியலில் “ஒரு சட்டி” என்று எழுதுவதே குழப்பத்தின் வேர் என்று கருதுகிறேன், ஏனெனில் ஒருவர் சட்டி பத்துப் பேருக்கும் இன்னொருவர் சட்டி முப்பது பேருக்கும் வரும். ஆகவே இம்முறை கூகுள் ஷீட்ஸில் A பத்தியில் குடும்பப் பெயர், B பத்தியில் உணவு வகை, C பத்தியில் எத்தனை பேருக்குப் போதும் என்று கேட்டிருக்கிறேன். ஒரு பங்குக்கு 100 கிராம் அரிசி என்றால் 16 கிலோ வேண்டும். இன்னும் எத்தனை பேருக்குச் சோறு தேவை என்பதை இந்தச் சூத்திரம் காட்டுகிறது:

```
=160-SUMIF(B:B,"சோறு",C:C)
```

விடை சுழியானதும் “சோறு” என்பது தேர்வுப் பட்டியலிலிருந்து தானாக மறைய வேண்டும். அதை எப்படி அமைப்பது என்று தெரிந்தவர்கள் தயவுசெய்து விளக்குங்கள்.