கணக்குச் சொல்லிக்கொடுத்தவன்

ரவி, வில்லிவாக்கம்

சித்தி மகனுக்குச் சிறுசேரிப் பக்கம் புது வீடு, பன்னிரண்டாவது மாடி. கிரகப்பிரவேசத்துக்குப் போயிருந்தேன். பால் காய்ச்சி முடிந்து பந்தியில் உட்கார்ந்த பிறகு நடந்ததுதான் இன்னும் மனதை அறுக்கிறது. பாயசம் பரிமாறிக்கொண்டே வந்த சித்தி, எனக்கு எதிரே இருந்த சம்பந்தி வீட்டாரிடம் என்னைக் காட்டி, "இவன்தான் எங்கள் பையனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன். இவன் இல்லையென்றால் அவன் பிளஸ் டூவே தாண்டியிருக்க மாட்டான்" என்றார். அன்போடுதான் சொன்னார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எதிரே இருந்த பெரியவர் உடனே நிமிர்ந்து, "அப்படியா, தம்பி எந்தக் கம்பெனி?" என்று கேட்டார். அம்பத்தூர் எஸ்டேட்டில் உதிரிபாகத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர் என்றேன். "ஓகோ" என்று சொல்லிவிட்டு இலையைப் பார்க்க ஆரம்பித்தார்.

அந்த "ஓகோ" தூங்கவிட மாட்டேன் என்கிறது. நான் 2002-இல் இயந்திரவியல் முடித்தேன், 78 சதவீதம். அவனும் அதே இயந்திரவியல்தான், 2006-இல் முடித்தான், 66 சதவீதம், மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்தான். படிப்பு ஒன்று, மதிப்பெண் என் பக்கம். அவன் சம்பளத்தில் நான்கில் ஒரு பங்குகூட எனக்கு வராது, இன்னும் வாடகை வீடுதான். எங்கே விட்டேன் என்பதுதான் புரியவில்லை. உங்களில் யாருக்காவது இப்படி ஓர் இடம் இருந்தால் எழுதுங்கள்.

உஷா, மயிலாப்பூர்

எனக்கு அது பள்ளித் தோழிகள் சந்திப்பில் நடந்தது. எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து பெயர், ஊர், வேலை என்று ஒருவர் பின் ஒருவராகச் சொல்ல வேண்டும். என் வலதுபக்கம் இருந்தவள் பொதுத்துறை வங்கியில் சீஃப் மேனேஜர். அவளும் நானும் ஒரே தேர்வு எழுதி ஒரே ஆண்டு எழுத்தராகச் சேர்ந்தவர்கள். அவள் பதவி உயர்வுக்கு எழுதி, அதிகாரியாகி, வட இந்தியாவில் எங்கெங்கோ இருந்துவிட்டு வந்தாள். எனக்கும் உயர்வு கிடைத்தது, வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். மாமியார் படுக்கையில், பையன் ஒன்றாம் வகுப்பு. ஏற்றுக்கொண்டால் எந்த மாநிலத்தில் போடுவார்கள் என்று தெரியாது. வங்கியில் இருப்பவர்களுக்கு இது தெரிந்த கதை. கிளையில் என்னைப் போல நாலு பேராவது இருப்பார்கள், பெரும்பாலும் பெண்கள்.

என் முறை வந்தபோது பெயரையும் வங்கியையும் மட்டும் சொன்னேன். பதவியைச் சொல்லவில்லை. அவள் என் கையைப் பிடித்து, "இவள்தான் எனக்கு முன்னாடியே பாஸ் செய்தவள்" என்றாள். உங்கள் சித்தி மாதிரியேதான். பாராட்டாகச் சொன்னதுதான் அதிகம் குத்துகிறது.

சுந்தரம், சேலையூர்

ரவி, நீங்கள் தேவையில்லாமல் நொந்துகொள்கிறீர்கள். என் மைத்துனர் வாங்கியபோது நானும் இப்படித்தான் புழுங்கினேன், பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். உங்கள் தம்பிக்கு 80 லட்சம் கடன் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எட்டரை சதவீத வட்டி, 20 ஆண்டு. மாதத் தவணை ஏறத்தாழ 69,400 ரூபாய். முதல் மாதம் கட்டுவதில் 56,700 வட்டிக்கே போய்விடும், அசலில் கழிவது 12,700 சொச்சம்தான். ஐந்து ஆண்டு விடாமல் கட்டினால் கையைவிட்டுப் போயிருப்பது 41 லட்சத்துக்கு மேல். அப்போதும் பாக்கி எவ்வளவு தெரியுமா? எழுபதரை லட்சம். 20 ஆண்டு முடியும்போது மொத்தம் ஒரு கோடியே 66 லட்சம் கட்டியிருப்பார். நீங்கள் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டது வங்கியின் வீட்டில்.

இதில் அவர் வேலை போனால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். நாற்பதைத் தாண்டியவர்களை அந்தத் துறையில் எப்படிப் பார்க்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். நீங்கள் வாடகையில் இருப்பதே புத்திசாலித்தனம். மிச்சம் பிடிப்பதை மாதாமாதம் பரஸ்பர நிதியில் போடுங்கள். ஆறு மாதச் செலவுக்கான பணம் தனியாக இருக்கட்டும். மருத்துவக் காப்பீடு கம்பெனி தருவதை மட்டும் நம்பாதீர்கள், சொந்தமாக ஒன்று எடுத்துவிடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை அதை மறுபரிசீலனை செய்யுங்கள்.

உஷா, மயிலாப்பூர்

சுந்தரம் சார், உங்கள் கூட்டல் கழித்தலில் பிழை இல்லை. ஆனால் ஒரு பக்கத்தை மட்டும் எழுதியிருக்கிறீர்கள். அதே 20 ஆண்டில் ரவி கட்டும் வாடகை ஏறிக்கொண்டே போகும், தவணை அப்படி ஏறாது. கடைசியில் வீடு அவர் கையில் நிற்கும். வங்கியில் தினமும் இந்தக் கடன் கோப்புகளைத்தான் பார்க்கிறேன். வட்டி நிறையப் போகிறது என்பதால் வாங்கியவர் எல்லோரும் ஏமாந்தவர்கள் ஆகிவிட மாட்டார்கள்.

அதைவிட, அவருக்குக் கடன் இருக்கிறது, வேலை போகலாம் என்று எண்ணி ஆறுதல் அடைந்தால், நாளைக்கு அவர் கடனை முன்கூட்டியே அடைத்துவிட்டார் என்று கேள்விப்படும்போது என்ன செய்வது? மறுபடியும் அதே தூக்கமில்லாத இரவுதான். தம்பி நன்றாக இருக்கக் கூடாது என்று ரவி எங்கேயும் எழுதவில்லையே.

பார்த்தசாரதி, நங்கநல்லூர்

நான் மென்பொருள் நிறுவனங்களில் ஆள் எடுக்கும் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவன். ரவி, நீங்கள் எழுதியதில் என் கண்ணில் பட்டவை இரண்டு ஆண்டுகள்தான், 2002-உம் 2006-உம். எங்கே விட்டேன் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மேசைக்கு இந்தப் பக்கம் இருந்தவன், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

2001-இல் அமெரிக்காவில் இணைய நிறுவனங்கள் சரிந்தன, செப்டம்பரில் தாக்குதலும் நடந்தது. வெளிநாட்டு வேலைகள் சுருங்கியதும் இங்கே முதலில் நின்றது கல்லூரிகளுக்குப் போய் ஆள் எடுப்பது. வேலைக்கடிதம் வாங்கிய பிள்ளைகளுக்கே சேரும் தேதியைத் தள்ளித் தள்ளிக் கொடுத்தோம். பெற்றோர் வரவேற்பறையில் வந்து காத்திருப்பார்கள். சொல்ல எங்களிடம் பதில் இருக்காது. நீங்கள் தேர்ச்சி பெற்றது அந்த மந்தக் காலத்தில்.

2005, 2006-இல் நிலைமை தலைகீழ். ஒரே கல்லூரியில் ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் எடுத்தோம். சிவிலா, இயந்திரவியலா என்றெல்லாம் பார்ப்பதில்லை. பத்தாம் வகுப்பிலிருந்து 60 சதவீதம், நிலுவைப் பாடம் இல்லை, திறனறித் தேர்வில் தேர்ச்சி, நேர்காணலில் தடுமாறாமல் பேச வேண்டும். அவ்வளவுதான். கணினி மொழியை நாங்களே சில மாதம் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தோம். அந்த வாசலில் 66-க்கும் 78-க்கும் வித்தியாசமே கிடையாது. 60-ஐத் தாண்டினாயா என்பது ஒன்றுதான் கேள்வி.

இனிச் சொல்வதுதான் முக்கியம். அப்போது 2002 ஆட்கள் ஏன் வரவில்லை என்றால், நாங்கள் விடவில்லை. புதியவர்களுக்கான விளம்பரத்தில் தேர்ச்சி பெற்ற ஆண்டு என்று ஒரு வரி இருக்கும். இந்த ஆண்டு, போனால் போகிறது என்று முந்தைய ஆண்டு. அதற்கு முன்னால் முடித்தவர்களின் விண்ணப்பம் படிக்கப்படாமலே ஒதுக்கப்படும். அனுபவசாலிகளுக்கான வரிசைக்குப் போனால் மென்பொருள் அனுபவம் எங்கே என்று கேட்போம். தொழிற்சாலையில் நான்கு ஆண்டு உழைத்தவனுக்கு இரண்டு வாசலும் அடைப்பு. மந்தக் காலத்தில் பட்டம் வாங்கியவர்கள் பல ஆண்டுகளுக்கு வருமானத்தில் பின்தங்கியே இருக்கிறார்கள் என்று அமெரிக்கா, கனடா நாடுகளில் ஆராய்ந்தே காட்டியிருக்கிறார்கள். இங்கே அதோடு விளம்பரத்தின் தேர்ச்சி ஆண்டு வரியும் சேர்ந்துகொண்டது.

உங்கள் தம்பி திறமையில்லாதவர் என்று நான் சொல்லவில்லை. உள்ளே வந்த பிறகு நிலைத்து நிற்பது வேறு உழைப்பு. 2008-இல் மறுபடியும் மந்தம் வந்தபோது அதையும் தாண்டி நின்றிருக்கிறார். ஆனால் உள்ளே வந்த அந்த நாளைப் பற்றி மட்டும் கேட்டால், உங்கள் இருவருக்கும் நடுவே இருந்தது நான்கு ஆண்டு இடைவெளி. கணக்கு அல்ல.

ஒரு வாசகர், திருவல்லிக்கேணி

சம்பந்தம் இருக்கிறதா என்று தெரியவில்லை, எழுதிவிடுகிறேன். வயது 27. மேன்ஷனில் தங்கி அரசுத் தேர்வுக்குப் படிக்கிறேன். கூடப் படித்தவன் கிராம நிர்வாக அலுவலராகிவிட்டான். அவன் ஜீப் பக்கத்தில் நின்று எடுத்த படத்தை அப்பா தன் கைப்பேசியில் வைத்திருக்கிறார். என்னிடம் எதுவும் சொல்லவில்லை, வைத்திருக்கிறார், அவ்வளவுதான். சில வாரங்களாகப் புத்தகத்தைத் திறந்தால் எழுத்து தலையில் ஏறவில்லை. சாப்பிடப் பிடிக்கவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு விழித்தால் அதோடு சரி. பார்த்தசாரதி ஐயா, அரசு வேலையிலும் இப்படி ஆண்டு வித்தியாசம் உண்டா?

தேன்மொழி, பெரம்பூர்

தம்பி, ஐயா உங்கள் கேள்விக்குப் பதில் சொல்வார். நான் கடைசி மூன்று வரிக்கு மட்டும் எழுதுகிறேன். அரசு மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். ஒப்பிட்டுப் பார்த்து வருகிற வேதனை பொதுவாக ஏறும், இறங்கும். நண்பன் வந்தால், நல்ல சாப்பாடு கிடைத்தால் கொஞ்சம் மறக்கும். அப்படி மறக்காமல், தூக்கமும் பசியும் படிப்பும் சேர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டுக் கிடந்தால் அதை மருத்துவரிடம் காட்ட வேண்டும். விடியலுக்கு முன் விழித்துக்கொண்டு மறுபடி தூங்க முடியாமல் கிடப்பதை நாங்கள் தனியாகவே கேட்டுக் குறித்துக்கொள்வோம்.

மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிடுங்கள். கட்டணம் கிடையாது, இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். நேரில் போவதென்றால் அரசுப் பொது மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது, புறநோயாளிச் சீட்டு வாங்கினால் போதும். கீழ்ப்பாக்கம் என்ற பெயருக்குப் பயந்து தள்ளிப்போடுகிறவர்கள் நிறையப் பேர், நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம். செத்துவிடலாம் என்ற எண்ணம் வருகிறதா? வந்தால் மூன்று மணி என்று பார்க்காமல் அப்போதே கூப்பிடுங்கள், அறைத் தோழரையும் எழுப்புங்கள்.

சுந்தரம், சேலையூர்

தம்பிக்கு ஒரு யோசனை. தேர்வுக்கு மட்டும் படிக்காமல் பகுதி நேரமாக டியூஷன் எடுங்கள். கையில் காசு இருந்தால் பாதிக் கவலை குறையும். அட்டவணை போட்டு, காலையில் பொது அறிவு, மாலையில் கணக்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள். உஷா அம்மா, வாடகை ஏறும் என்பது சரி, நான் அதைச் சேர்க்கவில்லை. ஆனால் பராமரிப்புச் செலவும் சொத்து வரியும் நீங்கள் சேர்க்கவில்லை.

ரவி, வில்லிவாக்கம்

பார்த்தசாரதி ஐயா, தேர்ச்சி ஆண்டு வரியைப் படித்ததும் எனக்கு நினைவு வந்துவிட்டது. 2005-இல் நாளிதழ் விளம்பரத்தைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு நேர்காணல் நடந்த இடத்துக்கே போனேன். வாசலில் இருந்த பையன் சான்றிதழில் ஆண்டைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். அதை நான் என் தகுதிக் குறைவு என்றே இத்தனை காலம் வைத்திருந்தேன்.

ஆனால் ஒன்று மட்டும் இதில் அடங்கவில்லை. என் வகுப்பிலேயே ஒருவன் 2002-இல் வேலை கிடைக்காததும் எம்.சி.ஏ. சேர்ந்தான். 2005-இல் புதிதாகத் தேர்ச்சி பெற்றவனாக அதே வரிசையில் போய் நின்று உள்ளே போய்விட்டான். எனக்கும் அந்த வழி தெரியும். தங்கை கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, மாதச் சம்பளத்தை விட முடியவில்லை. ஆண்டு என்னைத் தடுத்தது என்றால் அவனை ஏன் தடுக்கவில்லை?

திருவல்லிக்கேணித் தம்பி, தேன்மொழி அக்கா சொன்ன எண்ணுக்கு இன்றைக்கே பேசுங்கள். பேசினீர்களா என்று இங்கே எழுதுங்கள்.

பார்த்தசாரதி, நங்கநல்லூர்

அவனையும் தடுத்தது, ரவி. மூன்று ஆண்டுக் கட்டணமும் மூன்று ஆண்டுச் சம்பளமும் கொடுத்து அவன் தேர்ச்சி ஆண்டை மாற்றிக்கொண்டான். எம்.சி.ஏ. முடித்து வந்தவர்களில் பாதிப் பேரிடம் நேர்காணலில் பேச்சுக்கொடுத்தால் இந்தக் கதைதான் வரும். வீட்டில் யாராவது அந்த மூன்று ஆண்டைத் தாங்கியிருப்பார்கள். உங்கள் வீட்டில் தாங்கியது நீங்கள். அதைச் சரி, தவறு என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை.

தம்பியின் கேள்விக்கு: அரசுத் தேர்வில் ஒவ்வோர் அறிவிக்கையிலும் காலியிட எண்ணிக்கை மாறும், அதனால் வெட்டு மதிப்பெண்ணும் மாறும். உங்கள் நண்பர் எழுதிய ஆண்டின் அறிவிக்கையையும் உங்களுடையதையும் எடுத்து, இடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆனால் அதற்கு முன் அந்த அழைப்பு.